கோத்தகிரியில் 2,450 ரூபாய் இழந்தேன்: குரோம் ஐகானைச் சோதிக்காமல் கணினியைக் கடைக்குக் கொடுக்காதீர்கள்

இரண்டு முறை கடைக்குத் தூக்கிச் சென்று 2,450 ரூபாயைக் கொடுத்த பிறகு, என் மடிக்கணினியில் இருந்த கோளாறு ஓர் ஐகானை அழித்தாலே தீர்ந்துவிடக் கூடியது என்று நேற்று இரவு தெரிந்துகொண்டேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோத்தகிரியில் கணினி பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக வருமானச் சான்றிதழின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. அதற்காக ஓர் இலவச மென்பொருளை இறக்கி நிறுவினேன். கேட்ட இடத்திலெல்லாம் சம்மதம் கொடுத்துக்கொண்டே போனேன் என்பது உண்மை. அன்று மாலை முதல், குரோமைத் திறந்த ஒவ்வொரு முறையும் விளம்பரங்கள் நிறைந்த ஒரு தேடல் பக்கம் முதலில் வந்து நின்றது. அமைப்புகளுக்குள் போய்த் தொடக்கப் பக்கத்தைப் பார்த்தால் அங்கே அந்த முகவரியே இல்லை. நீட்சிகள் பகுதியிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. குரோமின் அமைப்புகளை முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திருப்பியும் பார்த்தேன். மூடித் திறந்ததும் அதே பக்கம் வந்தது.

கடையில் இருந்த இளைஞர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "வைரஸ் முழுசா பரவிடுச்சுக்கா, ஃபார்மட் பண்ணாத்தான் போகும்" என்றார். மகளின் சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று நான் பதறியபோது, "கவலைப்படாதீங்கக்கா, ஒரு ஃபைல் போகாது, டெஸ்க்டாப்ல இருந்தது இருந்தபடியே வெச்சுத் தருவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நம்பினேன். 800 ரூபாய் கொடுத்தேன். வாங்கச் சென்றபோது, கீழே ஸ்டார்ட் மெனுவிலிருந்து குரோமைத் திறந்து காட்டினார். சுத்தமாகத் திறந்தது. வீட்டுக்கு வந்து, வழக்கம்போல டெஸ்க்டாப்பின் இடது மேல் மூலையில் இருக்கும் ஐகானைச் சொடுக்கினால், அதே விளம்பரப் பக்கம்.

மறுநாள் மழையில் பேருந்து பிடித்து மீண்டும் போனேன். கடையில் மறுபடியும் ஸ்டார்ட் மெனுவிலிருந்தே திறந்து காட்டி, "இங்க நல்லாத்தானே வருது, உங்க வீட்டு வைஃபைலதான் பிரச்சினை" என்றார். நான் நகராமல் நின்றதும், ஓர் ஆண்டுக்கான வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை 1,150 ரூபாய்க்குப் போட்டு, 'ஆழமான சுத்தம்' என்று தனியாக 500 ரூபாய் வாங்கினார். ரசீது கேட்டதற்கு, சர்வீஸ் வேலைக்கு ரசீது தருவதில்லை என்றார். எண்ணூறும் ஆயிரத்து அறுநூற்று ஐம்பதும் சேர்ந்து 2,450 ரூபாய். அந்த மென்பொருள் இரண்டு மணி நேரம் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னது. விளம்பரப் பக்கம் வந்துகொண்டுதான் இருந்தது.

நேற்று இரவுதான் ஒன்றைக் கவனித்தேன். டெஸ்க்டாப்பில் ஒரே பெயரில் இரண்டு குரோம் ஐகான்கள் இருந்தன. ஃபார்மட் செய்தபோது கூடுதலாக ஒன்று வந்திருக்கும் என்று இதுவரை அலட்சியமாக விட்டிருந்தேன். புதிதாக வந்திருந்ததைச் சொடுக்கினேன், சுத்தமாகத் திறந்தது. பழையதைச் சொடுக்கினேன், விளம்பரப் பக்கம் வந்தது. கோவையில் படிக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். "அம்மா, அந்தப் பழைய ஐகான்மேல ரைட் கிளிக் பண்ணி Properties போங்க, Target-னு ஒரு கட்டம் இருக்கும், அதப் படிங்க" என்றாள். படித்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. அந்தக் கட்டம் சிறியது என்பதால் வரியின் தொடக்கம்தான் தெரியும், உள்ளே சொடுக்கி End விசையை அழுத்துங்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் வால் வெளியே வந்தது. அந்த வரி இப்படி இருந்தது. யாரும் தவறிப்போய்த் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இணைய முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
"C:\Program Files\Google\Chrome\Application\chrome.exe" http://search.example/?id=17
```

மேற்கோள் குறிக்குள் இருப்பது குரோம் நிரல் இருக்கும் இடம். அதில் தவறில்லை, குரோமும் கெடவில்லை. அந்தக் குறி முடிந்த பிறகு என்ன எழுதியிருந்தாலும், நிரலைத் திறக்கும்போதே விண்டோஸ் அதையும் சேர்த்து அதன் கையில் கொடுத்துவிடுகிறது. இணைய முகவரி ஒன்று அப்படிக் கையில் வந்தால், பயனர் இந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறார் என்று உலாவி எடுத்துக்கொண்டு திறந்துவிடும். அமைப்புகளில் நாம் எழுதி வைத்திருக்கும் தொடக்கப் பக்கம் மாறாமல் அப்படியே இருக்கும், ஆனால் நம் கண்முன் வந்து நிற்பது இதுதான். குரோமுக்குள் நான் தேடிய இடமெல்லாம் சுத்தமாக இருந்ததற்கு இதுவே காரணம், ஏனென்றால் அந்த ஐகான் குரோமின் பகுதியே அல்ல. அது .lnk என்ற வகையைச் சேர்ந்த ஒரு சிறிய தனிக் கோப்பு.

கடைக்காரர் செய்தது இப்போது விளங்கியது. ஃபார்மட் செய்து, குரோமைப் புதிதாக நிறுவிவிட்டு, என் பழைய டெஸ்க்டாப்பை 'இருந்தது இருந்தபடியே' திரும்ப வைத்தபோது, அந்தக் கெட்ட ஐகானையும் அவரே திரும்ப வைத்திருக்கிறார். புதிய குரோமும் அதே இடத்தில்தான் இருந்ததால் பழைய ஐகான் எந்தத் தடையும் இல்லாமல் வேலை செய்தது. ஸ்டார்ட் மெனுவில் இருந்தது புதிய ஐகான். ஆகவே கடையில் எத்தனை முறை திறந்து காட்டினாலும் சரியாகத்தான் வரும். என் வீட்டு வைஃபைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கூடுதல் எழுத்தை அழித்து OK கொடுத்தபோது மாற்றத்தைச் சேமிக்க முடியவில்லை என்றது. General பகுதியில் Read-only என்ற பெட்டியில் டிக் இருந்தது. அதை எடுத்த பிறகு சேமித்தது, ஆனாலும் மனம் ஒப்பாமல் அந்த ஐகானையே அழித்துவிட்டேன்.

இன்று காலை கடைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அது சாஃப்ட்வேர் பிரச்சினைக்கா, நாங்க கேரண்டி குடுக்கலையே" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை, இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பக்கம் வந்தால், குரோம் நிறுவப்பட்டிருக்கும் கோப்புறைக்குப் போய் chrome.exe-ஐ நேரடியாகச் சொடுக்கிப் பாருங்கள். அங்கே சுத்தமாகத் திறந்தால் குற்றம் ஐகானில்தான். டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள ஐகான்கள் தனித்தனிக் கோப்புகள் என்பதால் ஒவ்வொன்றின் Target வரியையும் கடைசி வரை படியுங்கள். `--profile-directory` என்பது போல இரண்டு கோடுகளோடு தொடங்குவது பெரும்பாலும் குரோமே எழுதுவது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இணைய முகவரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அழித்த முகவரி ஓரிரு நாளில் தானாகத் திரும்பி வந்தால், அதை மறுபடி எழுதும் நிரல் ஒன்று கணினிக்குள் இருக்கிறது. அப்போது Task Scheduler-இல் அறியாத பணி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த இலவச மென்பொருளையும் நீக்குங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வீட்டில் எந்த ஐகானைச் சொடுக்குகிறீர்களோ அதையே சொடுக்கிக் காட்டச் சொல்லி, ரசீது எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.

என் 2,450 ரூபாய்க்கு ரசீதையாவது எழுதித் தரச் சொல்லி, திங்கட்கிழமை காலை மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்கு நேரில் போகிறேன்.