கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது: அலுமினாவா, எலும்புக் கரியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளூரைடு ஒரு லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. இந்தத் தண்ணீரை 10 லிட்டர் அடுப்பில் ஏற்றினால் பாத்திரத்துக்குள் 40 மில்லிகிராம் ஃபுளூரைடு இருக்கும். கொதித்துக் கொதித்து 8 லிட்டராக வற்றும்போது ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பு எப்படி அடியில் தங்குமோ அப்படியே ஃபுளூரைடும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். அதே 40 மில்லிகிராம் இப்போது 8 லிட்டரில். அதாவது லிட்டருக்கு 5. கிருமி செத்திருக்கும், ஃபுளூரைடு ஏறியிருக்கும். மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தொங்கும் துளிகளில் மட்டும்தான் ஃபுளூரைடு இல்லை, அதைப் பிடித்து யாரும் குடிப்பதில்லை. கஞ்சி வடிக்காமல் சுண்ட வேகவைக்கும் சோறும் இதே கணக்குதான்: தண்ணீர் போய்விடும், அதிலிருந்த ஃபுளூரைடு சோற்றோடு வயிற்றுக்குள் போகும். ஆகவே சமையல் தண்ணீரையும் வடிகட்ட வேண்டிய கணக்கில் சேர்க்க வேண்டும். பீங்கான் கேண்டில் ஃபில்டரும் சாதாரண கரி ஃபில்டரும் இதில் உதவாது.

ஃபுளூரைடை ஒட்டிப் பிடிக்கும் ஊடகம் ஒன்றின் வழியே தண்ணீரை விட வேண்டும். வீட்டு அளவில் பேசத் தகுந்தவை இரண்டு. ஒன்று ஆக்டிவேட்டட் அலுமினா: ரவையிலிருந்து மிளகு வரையான பருமனில், நுண்துளை நிறைந்த வெள்ளை மணிகள். மற்றது எலும்புக் கரி: மாட்டெலும்பைக் காற்றுப் படாமல் சுட்டு உடைத்த கருஞ்சாம்பல் துணுக்குகள். அலுமினாவை இந்தியாவில் வீட்டு ஃபில்டராகப் பரப்ப யுனிசெஃபும் ஐ.ஐ.டி. கான்பூரும் முயன்றன. எலும்புக் கரி கென்யாவின் நகுரு, தான்சானியாவின் அருஷா வட்டாரங்களில் வேரூன்றியது. அங்கே எரிமலைப் பாறைகளுக்கிடையே ஊறிவரும் தண்ணீரில் ஃபுளூரைடு மிக அதிகம்.

விளம்பரத் தாளில் ஒரு கிலோ ஊடகம் 4 கிராம், 6 கிராம் ஃபுளூரைடு பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வகக் கணக்கு. வீட்டில் திட்டமிட, இரண்டுக்குமே கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நான்கு பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 மில்லிகிராம் பிடிக்க வேண்டும் என்றால் நாளுக்கு 70. 5 கிலோ ஊடகம் 5,000 மில்லிகிராம் பிடிக்கும். வகுத்தால் 71 நாள், சுமார் 1,400 லிட்டர். மணிக்கு 10 லிட்டருக்கு மேல் ஓடாதபடி குழாயைத் திருகி வைக்க வேண்டும். ஊடகத்தோடு தண்ணீர் அரை மணி நேரமாவது உறவாட வேண்டும், வேகமாக ஓடினால் பிடிக்க நேரமில்லாமல் அப்படியே கடந்துவிடும்.

ஃபுளூரைடைப் பிடிக்கும் கொள்ளளவில் பெரிய வேறுபாடு இல்லையென்றால், வேறுபடுவது எங்கே? முதலில் தண்ணீரின் காரத்தன்மையில். அலுமினா நன்றாக வேலை செய்வது, அமில-கார அளவான பி.எச். 5.5 முதல் 6 வரை இருக்கும்போது. பி.எச். 8 ஆகும்போது ஹைட்ராக்சைடும் பைகார்பனேட்டும் அதே இடத்துக்குப் போட்டி போடுவதால் கொள்ளளவு பல மடங்கு சரிந்துவிடும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. கால்சியம் நிறைய இருக்கும் தண்ணீரில் ஃபுளூரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும், அதனால் அதிகம் ஏற முடியாது. ஃபுளூரைடு ஏறிக் கிடக்கும் தண்ணீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த, சோடியம் பைகார்பனேட் மிகுந்த, பி.எச். 8-ஐ ஒட்டிய தண்ணீர். அதாவது எந்தத் தண்ணீருக்கு அலுமினா தேவையோ, அந்தத் தண்ணீர்தான் அதற்கு ஒத்துவராதது. எலும்புக் கரியில் பிடிப்பது எலும்பின் கால்சியம் பாஸ்பேட். அதிலுள்ள ஹைட்ராக்சைடை வெளியே தள்ளிவிட்டு ஃபுளூரைடு உட்காருகிறது. காரம் இதையும் பாதிக்கும், ஆனால் அலுமினா அளவுக்கு முடங்காது.

அடுத்த வேறுபாடு தரம். அலுமினா ஆலையில் செய்வது, பைக்குப் பை ஒரே மாதிரி வரும். எலும்புக் கரி சூளைக்குச் சூளை மாறும். 400 - 500 டிகிரியில் சுட்டால் நல்ல சாம்பல் கலந்த கறுப்பு வரும். வேகாத எலும்பில் கொழுப்பும் புரதமும் மிச்சமிருந்து தண்ணீர் மஞ்சளாகும், நாற்றமடிக்கும். அதிகம் சுட்டு வெளுத்துப்போனதில் நாற்றம் இருக்காது, ஆனால் ஃபுளூரைடு பிடிக்கும் திறனும் போயிருக்கும். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பா, வெள்ளையா, கறுப்பா என்று தெரிந்துவிடும். மாட்டெலும்பு வழியே வந்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று சொல்லும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். வேதியியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த வீட்டில் ஃபில்டர் மூலையில்தான் கிடக்கும்.

ஃபுளூரைடு நிறைந்து தீர்ந்த அலுமினாவை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, அதில் 5 கிலோவை 8 மணி நேரம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 110 மில்லி அடர் கந்தக அமிலம் கலந்து மறுபடி 8 மணி நேரம் ஊறவிட்டு, பி.எச். 7-ஐ நெருங்கும் வரை அலச வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். எலும்புக் கரிக்குக் காஸ்டிக்கும் அலசலும் மட்டும்தான். அமிலம் பட்டால் பாஸ்பேட்டே கரைந்துவிடும். இதை வீட்டுக் கொல்லையில் செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஊறிய காரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருக்கும். அதைக் கிணற்றடியில் கொட்டினால் எடுத்ததை அங்கேயே திருப்பிக் கொடுத்த கதைதான். ஊருக்கு ஒரு இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் ஊடகத்தை மீட்டு, கழிவுக் காரத்திலுள்ள ஃபுளூரைடைச் சுண்ணாம்பால் படியவைத்து, மீட்ட ஊடகத்தை வீடுகளுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் ஓடக்கூடிய முறை. அப்படி ஒருவர் இருக்கும் ஊரில் அலுமினா போதும். அவர் இல்லாமல், நல்ல சூளை பக்கத்தில் இருந்து, மக்களும் ஒப்புக்கொண்டால் எலும்புக் கரியை வாங்கித் தீர்ந்ததும் மாற்றிவிடுவது எளிது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ நாளுக்கு 20 லிட்டர் கிடைக்கும் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

ஊடகம் தீர்ந்ததை நாக்கு சொல்லாது, நிறமும் சொல்லாது. குடத்தை எண்ணி எழுதி வையுங்கள். 1,000 லிட்டரிலிருந்து வாரம் ஒருமுறை வெளிவரும் தண்ணீரின் ஃபுளூரைடு அளவைச் சோதியுங்கள். நிறம் மாறுவதைப் பார்த்து ஃபுளூரைடை அளக்கும் சோதனை கிட்டில் ஒரு பொறி உண்டு. மீட்டபின் சரியாக அலசாத அலுமினாவிலிருந்து அலுமினியம் கசிந்தால், அது ஃபுளூரைடைப் பிடித்துவைத்துக்கொண்டு கிட்டில் குறைவாகக் காட்டும். மீட்ட முதல் நாள் அளவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தால், முதலில் பி.எச். பாருங்கள். 6-க்குக் கீழோ 8.5-க்கு மேலோ இருந்தால் இன்னும் அலச வேண்டும், அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.