ஜிஏடி-7 ரொம்ப நாளா யூஸ் பண்றேன், அந்த ஸ்கோர்ல என்ன இருக்கு என்ன இல்லன்னு எழுதுறேன்

ஆங்சைட்டின்னு கூகுள்ல தேடுனா முதல்ல வந்து நிக்கிற டெஸ்ட் பெரும்பாலும் இந்த ஜிஏடி-7 தான். ஏழே கேள்வி, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், கடைசில ஒரு நம்பர் வரும், அதுக்குக் கீழ "மிதமான பதட்டம்" "கடுமையான பதட்டம்"னு ஒரு வரி. அந்த வரியைப் பாத்துட்டு தூக்கம் போனவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர். நான் ட்ரீட்மென்ட்ல இருக்கேன், ஒவ்வொரு தடவை டாக்டர பாக்கப் போறப்பவும் இத நிரப்பிக் குடுக்கிறேன், வருஷக்கணக்கா. அதனால இத பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லலாம்னு தோணுச்சு.

இது 2006ல அமெரிக்காவுல ராபர்ட் ஸ்பிட்சர், குர்ட் குரோன்கே உள்ளிட்ட நாலு பேர் சேர்ந்து பொது டாக்டர்கள்கிட்ட வர்ற பேஷன்ட்ஸுக்காக உருவாக்குனது. கடந்த ரெண்டு வாரத்துல இந்தப் பிரச்சனை எவ்வளவு தடவை தொந்தரவு பண்ணுச்சுன்னு கேக்கும். இல்லவே இல்லைன்னா 0, சில நாள்னா 1, பாதி நாளுக்கு மேலன்னா 2, கிட்டத்தட்ட தினமும்னா 3. மொத்தம் 21. 5ல இருந்து லேசு, 10ல இருந்து மிதம், 15ல இருந்து கடுமை.

இதுல முதல்ல கவனிக்க வேண்டியது, அது எத்தனை நாள்னு தான் கேக்குது, எவ்வளவு மோசமா இருந்துச்சுன்னு கேக்கவே இல்ல. ரெண்டு வாரத்துல ஒரே ஒரு நாள் பஸ்ல திடீர்னு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டி செத்துருவோம்னு நெனச்சு இறங்கி ஓடியிருப்பீங்க, மத்த நாளெல்லாம் ஓரளவு சரியா போயிருக்கும், அப்ப உங்க ஸ்கோர் 4 வரலாம். மூச்சு முட்டுறது, நெஞ்சு படபடப்பு, வியர்வை இதெல்லாம் அந்த ஏழு கேள்வில எங்கயுமே கிடையாது. கவலைய நிறுத்த முடியலையா, ரிலாக்ஸ் பண்ண முடியலையா, எரிச்சல் வருதா, ஏதோ கெட்டது நடக்கப்போற மாதிரி பயமா இருக்கா, இந்த மாதிரி தான். பேனிக் அட்டாக் மட்டும் வர்ற ஆளுக்கு ஸ்கோர் கம்மியா வந்தா அவருக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தமே இல்ல.

அடுத்தது மொத்த நம்பர். எனக்கு ஆரம்பத்துல 13. அதே சமயம் என் தங்கச்சியும் போட்டுப் பாத்தா, அவளுக்கும் 13. என்னோடது கேள்வி வரிசைப்படி 3, 3, 3, 2, 0, 1, 1. அவளோடது 2, 1, 0, 3, 3, 3, 1. கூட்டினா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா பிரிச்சுப் பாருங்க. எனக்கு முழுக்க மனசுக்குள்ள ஓடுற கவலை, ஆபிஸ், லோன், அப்பா உடம்பு, பையன் படிப்புன்னு ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, ராத்திரி படுத்தாலும் நிக்காது. அவளுக்கு குறிப்பிட்டு ஒரு கவலையே இல்ல, உக்கார முடியல, ரிலாக்ஸ் ஆக முடியல, சின்ன விஷயத்துக்கும் கோவம் வருது. அவ போன டாக்டர் இத கவனிச்சுட்டு கை நீட்டச் சொன்னாரு, விரல் லேசா நடுங்குது, நல்லா சாப்பிட்டும் எடை குறைஞ்சிருக்கு, வெயில் தாங்கல, பல்ஸ் வேகமா இருக்கு. உடனே தைராய்டு டெஸ்ட் எழுதுனாரு. தைராய்ட தூண்டிவிடுற டிஎஸ்எச் ஹார்மோன் ரொம்ப கம்மி, அப்படின்னா தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மாத்திரை ஆரம்பிச்சு சில மாசத்துல அவ ஸ்கோர் தானா இறங்கிடுச்சு. காரணம் எதுவா இருந்தாலும் பேப்பர்ல 13தான் வரும், ஆஸ்துமாவுக்கு இழுக்கிற சில இன்ஹேலர், அளவுக்கு மேல காபி, தூக்கமில்லாத நைட் ஷிப்ட், எல்லாமே ரிலாக்ஸ் ஆக முடியாதது, உக்கார முடியாதது, எரிச்சல்னு கேக்கிற அந்த 4, 5, 6வது கேள்விய ஏத்திவிடும். அதனால ஸ்கோர மட்டும் காட்டாம அந்த ஏழு நம்பரையும் தனித்தனியா டாக்டருக்குக் காட்டுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.

10ன்ற கோட்டுக்கு வருவோம். 10ல கட் பண்ணா ஜிஏடி, அதாவது பொதுவான பதட்டக் கோளாறு உள்ளவங்கள்ல 89 சதவீதம் பேர பிடிச்சிடும், இல்லாதவங்கள்ல 82 சதவீதம் பேர சரியா விட்டுடும்னு அந்த முதல் ஆய்வுல வந்துச்சு. கேக்க நல்லா இருக்குல்ல, இப்ப ஒரு கணக்கு போடுங்க. ஆன்லைன்ல 1000 பேர் இந்த டெஸ்ட் எடுக்கிறாங்க, அவங்கள்ல 50 பேருக்கு நிஜமாவே அந்தக் கோளாறு இருக்குன்னு வச்சுக்கங்க. அந்த 50ல 45 பேர் கோட்டைத் தாண்டுவாங்க. மீதி 950 பேர்ல 18 சதவீதம், அதாவது 171 பேரும் தாண்டுவாங்க. ஆக மொத்தம் 216 பேர் 10 இல்ல அதுக்கு மேல, அதுல கோளாறு உள்ளவங்க 45 தான், அஞ்சுல ஒருத்தர். மிச்சப் பேர் சும்மா பயப்படுறாங்கன்னு சொல்ல வரல, அவங்களுக்கு டிப்ரெஷன் இருக்கலாம், பேனிக் இருக்கலாம், வீட்ல ஒரு சாவு நடந்திருக்கலாம், பரிட்சை நேரமா இருக்கலாம். கோளாறுன்னு டாக்டர் சொல்லணும்னா கவலை குறைஞ்சது ஆறு மாசமா பெரும்பாலான நாள் இருந்திருக்கணும், இந்தப் பேப்பர் பாக்கிறது ரெண்டு வாரத்த மட்டும். இங்கிலாந்து என்எச்எஸ் பேச்சு சிகிச்சைல கோடு 10 கூட இல்ல, 8. ஒரே 9 ஒரு இடத்துல உள்ள, ஒரு இடத்துல வெளிய.

எனக்கு இது நிஜமா உபயோகமானது என்னோட பழைய நம்பரோட ஒப்பிடுறதுக்குத்தான். அதுலயும் 13 இருந்து 11 ஆனா சந்தோஷப்படவோ, 6 இருந்து 8 ஆனா பதறவோ ஒண்ணுமில்ல, நாலு புள்ளியாவது நகர்ந்தாதான் மாற்றம்னு எடுத்துக்கணும். ஒரே கிழமைல, ஒரே நேரத்துல போட்டா இன்னும் நல்லது, ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்டா எனக்கு எப்பவும் அதிகமாவே வரும்.

ஒரு கட்டத்துல என் ஸ்கோர் 6க்கு வந்துடுச்சு, வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. ஆனா அந்த சமயத்துல நான் பைக் எடுக்கிறத விட்டுட்டேன், கல்யாணம் காதுகுத்துக்குப் போறத விட்டுட்டேன், மீட்டிங்ல கேமரா ஆஃப், ப்ரமோஷன் வேண்டாம்னு மெயில் போட்டாச்சு. பயம் வர்ற இடத்துக்கே போகலன்னா பயம் எப்படி வரும், ஸ்கோர் குறையத்தானே செய்யும். இத பிடிச்சது ஏழு கேள்விக்கு அடில இருக்கிற இன்னொரு கேள்வி, இதனால வேலை, வீட்டு வேலை, மத்தவங்களோட பழகுறது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு கேக்கும், அதுக்கு மார்க் கிடையாது, நிறைய ஆன்லைன் வெர்ஷன்ல அத தூக்கியே விட்டுட்டாங்க. நான் அதுல "மிகவும் கஷ்டம்"னு டிக் பண்ணிருந்தேன், மொத்தம் வெறும் 6. என் டாக்டர் 6ஐ விட்டுட்டு அந்த டிக்க பத்திதான் அரை மணி நேரம் பேசுனாங்க, அப்பறம்தான் பைக்க தெரு முனை வரைக்கும், அப்பறம் மெயின் ரோடு வரைக்கும்னு படிப்படியா எடுக்கிற வேலை ஆரம்பிச்சுது. முதல் சில வாரம் ஸ்கோர் 11க்கு ஏறுச்சு, அது நல்ல ஏத்தம்.

இன்னொண்ணு, சாகணும்னு எண்ணம் வருதான்னு ஜிஏடி-7 கேக்கவே கேக்காது, அந்தக் கேள்வி டிப்ரெஷனுக்கான பிஎச்க்யூ-9ல ஒன்பதாவதா இருக்கு. அந்த மாதிரி எண்ணம் இருந்தா உங்க ஸ்கோர் 3 ஆனாலும் 20 ஆனாலும் அத பாத்துட்டு உக்காராதீங்க, 14416க்கு கூப்பிடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ், இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.