ப்ராசஸர் மாற்றச் சொல்லி 22,000 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். கணினி வாங்குவோர் படியுங்கள்

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். பெருநாளுக்காகக் காக்கா துபாயிலிருந்து அனுப்பிய பணம் 22,000 ரூபாய். பத்து நாட்களுக்கு முன் அதை ராமநாதபுரத்தில் ஒரு கணினி உதிரிபாகக் கடையில் கொடுத்து ஏமாந்துவிட்டேன். நேற்றுதான் கடைசியாகப் பேசினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என்னிடம் இருந்தது பத்தாம் தலைமுறை ஐ5 ப்ராசஸரும் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டும். பெரிய நகரங்களில் சுற்றித் திரியும் கதை விளையாட்டுகளைத்தான் ஆடுவேன். 1080p-இல் நொடிக்கு 41 பிரேம்தான் வரும். விளையாடும்போது எடுத்த அளவீட்டுப் படத்தைக் கைப்பேசியில் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினேன். கார்டு 99 சதவீதம், ப்ராசஸர் 45 சதவீதம் என்று அதில் தெளிவாக இருந்தது.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், "தம்பி, ப்ராசஸர் வேலையை ஒழுங்காகக் கொடுக்காததால்தான் கார்டு திணறுகிறது. அதை மாற்றினால் கார்டு தானாக ஓடும்" என்றார். பக்கத்தில் இருந்த கணினியில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் திறந்து, திரையின் மூலையில் 300 பிரேம் ஓடுவதையும் காட்டினார். அந்த எண்ணைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 13,400. பழைய போர்டில் அது பொருந்தாது என்பதால் புதுப் போர்டு 7,600. பொருத்துகூலி 1,000. மொத்தம் 22,000.

வீட்டுக்கு வந்து அதே விளையாட்டை, அதே இடத்தில் ஓட்டினேன். 42 பிரேம். 22,000 ரூபாய்க்கு ஒரே ஒரு பிரேம்!

அவர் சொன்னது தலைகீழ்ப் பொய் என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பிரேமுக்கும் வேண்டிய கணக்கைப் ப்ராசஸர் போட்டுக் கொடுக்கிறது, கார்டு அதை வரைகிறது. ப்ராசஸர் பிந்தினால் கார்டு வேலையில்லாமல் காத்திருக்கும். அதன் அளவு 60, 70 என்று இறங்கும். 99-இல் நின்றால் வரைய முடியாமல் தவிப்பது கார்டுதான். கல்லில் இடமில்லாமல் புரோட்டா உருண்டைகள் அடுக்கிக் கிடக்கும்போது மாவு பிசைய இன்னோர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? என் கணினியில் அதுதான் நடந்தது. அவர் ஓட்டிக் காட்டிய விளையாட்டோ, படத்தரத்தைக் குறைத்து வைத்தால் கார்டுக்கு வேலையே தராதது. அங்கே ப்ராசஸர்தான் எண்ணைத் தீர்மானிக்கும். நான் ஆடுவது அதுவல்ல என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

அதே கடையில் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கார்டு 21,500 ரூபாய்க்கு இருந்தது. ஏர்வாடியில் என் மச்சானிடம் என்னுடைய பழைய ப்ராசஸரே இருக்கிறது, கார்டு மட்டும் ஆர்எக்ஸ் 6600. அவன் வீட்டில் என் விளையாட்டை அதே அமைப்பில் ஓட்டிப் பார்த்தேன். 78 பிரேம். என் பவர் சப்ளை 550 வாட். அந்தக் கார்டுக்கு வேண்டிய 8 பின் வயர்கூடப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியபடியே சும்மா கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கடைக்குப் போன் செய்தேன். "ட்ரைவரை அப்டேட் செய்யுங்கள்" என்றார்கள். செய்தேன், 42. "விண்டோஸை மறுபடி போட வேண்டும், கொண்டு வாருங்கள்" என்றார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், மதியம்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் 42. பணத்தைக் கேட்டால், பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுகிறார்கள். நேற்று அதே மனிதர் கூசாமல் சொன்னார்: "தம்பி, இப்போது ப்ராசஸர் நன்றாக இருக்கிறது. இனி கார்டைத்தான் மாற்ற வேண்டும்."

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஒட்டவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் விளையாட்டை ஓட்டி, Win + G அழுத்திக் கார்டின் அளவைப் பாருங்கள். ப்ராசஸரின் மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கோர் முழுதாகத் திணறினாலும் மொத்தம் குறைவாகவே காட்டும். பிறகு 1080p-ஐ 720p-க்கு இறக்குங்கள். பிரேம் நன்றாக ஏறினால் கார்டை மாற்றுங்கள், ஏறவே இல்லையென்றால் ப்ராசஸரை. நான் இப்போது செய்து பார்த்தேன், 42 இருந்தது 68 ஆனது. பவர் சப்ளையின் வாட்டையும் வயரையும் பார்த்துவிட்டுக் கார்டு வாங்குங்கள். ரசீதின் அடிப்பகுதியைக் கடையிலேயே படியுங்கள்.

22,000 ரூபாய். இன்று இரவு காக்கா அழைப்பார், கணினி எப்படி ஓடுகிறது என்று கேட்பார்.