ஸ்கோர் 98% ஆனது, செலவு ஏறியது, வியாபாரம் அப்படியே நின்றது: விளம்பரப் பரிந்துரைகள் பற்றி ஓர் எச்சரிக்கை

கூகுள் ஆட்ஸ் கணக்கை வெளியாள் யாரிடமாவது கொடுத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்ட ஏஜென்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன். இதே வேலையைப் பலரும் செய்கிறார்கள்.

நாங்கள் விற்பது தொழிற்கூடங்களுக்கான தூசி வடிகட்டிகள். வாங்குகிறவர்கள் குறைவு, ஒவ்வொரு ஆர்டரும் பெரிது. ஏஜென்சி பொறுப்பேற்றபோது, கூகுள் தானே ஒவ்வொரு கணக்குக்கும் போடும் மதிப்பெண்ணான Optimization score எங்களுக்கு 62% இருந்தது. "சார், இதை 90க்கு மேல கொண்டுபோறதுதான் எங்க முதல் வேலை" என்றார்கள். சொன்னபடியே கொண்டுபோனார்கள். மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் 98% என்று மின்னியது. அடுத்த வரியில், ஒரு கன்வெர்ஷனுக்கு, அதாவது விளம்பரம் பார்த்து வந்தவர் நாம் எண்ணச் சொன்ன ஒரு செயலைச் செய்வதற்கு, ஆகும் செலவு பாதியாகக் குறைந்துவிட்டதாக இருந்தது.

விற்பனைப் பிரிவில் யாருக்கும் அந்த மகிழ்ச்சி இல்லை. அழைப்புகள் கூடின, ஆர்டர் கூடவில்லை.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இது. பழைய மாதச் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 40 படிவங்கள் வந்தன, அவற்றில் 12 பேர் விலைப்புள்ளி கேட்கும் நிலைக்கு வந்தார்கள். புதிய ஏற்பாட்டில் செலவு 185. கன்வெர்ஷன் 148 என்று அறிக்கை சொன்னது. 185ஐ 148ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 1.25, முன்பு 2.5. பாதிதான், பொய் இல்லை. ஆனால் அந்த 148இல் 103 பேர் செய்தது எங்கள் பிரசுரத்தின் பிடிஎஃப் கோப்பை இறக்கிக்கொண்டது மட்டும். படிவம் நிரப்பியவர்கள் 45 பேர், விலைப்புள்ளி கேட்டவர்கள் 13 பேர். அதாவது கூடுதலாகச் செலவான 85க்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நல்ல விசாரணை.

இது எப்படி நடந்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏஜென்சி முதலில் பிடிஎஃப் இறக்கத்தை ஒரு கன்வெர்ஷனாகச் சேர்த்து, அதை Primary என்று குறித்தது. இந்தக் குறிப்பு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கணக்கின் மூளையே இங்கேதான் இருக்கிறது. Primary என்று குறித்ததைத்தான் தானியங்கி ஏலம் இலக்காக எடுத்துக்கொள்ளும். Secondary என்று வைத்தால் எண்ணிக்கை மட்டும் தெரியும், ஏலம் அதைத் துரத்தாது. அடுத்து, கீவேர்டுகளை Broad matchக்கு மாற்றச் சொல்லி கூகுள் கணக்கில் காட்டும் பரிந்துரையை ஏற்றார்கள். ஒரு கீவேர்டின் பொருளோடு தொடர்புள்ளதாக கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகலாம் என்பதே அதன் அர்த்தம். இரண்டும் சேர்ந்தபோது, யார் குறைந்த செலவில் பிடிஎஃப் இறக்குவார்கள் என்று ஏலம் தேட ஆரம்பித்தது. கண்டும் பிடித்தது.

Search terms பக்கத்தைத் திறந்தால் வரிசையாக இப்படி:

```
dust collector project report pdf
types of air filter ppt
bag filter working principle
car air filter price
```

முதல் மூன்றும் கல்லூரி மாணவர்களின் தேடல்கள். பாவம், அவர்கள் ஏதோ பாடத்துக்காகத் தேடியிருக்கிறார்கள். இயந்திரத்தைக் குறை சொல்லவும் வழியில்லை, கொடுத்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. வேலையைத் தப்பாகக் கொடுத்து, அதன் விளைவை வெற்றி என்று எங்களிடம் விற்றது ஏஜென்சி.

Broad match எப்போதும் மோசம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் பணம் தரும் செயலை மட்டும் Primaryயாக வைத்து, போதிய எண்ணிக்கையில் அது நடந்துகொண்டிருந்தால், நாம் யோசிக்காத நல்ல தேடல்களையும் அது கொண்டுவரும். மாதத்துக்கு ஒரு டஜன் நல்ல விசாரணை மட்டுமே வரும் எங்களைப் போன்ற கணக்கில் அது கற்றுக்கொள்ளத் தீனி போதாது. தீனிக்காகவே பிடிஎஃப்பைச் சேர்த்தார்களோ என்னவோ.

அடுத்தது பட்ஜெட். "பட்ஜெட் பற்றாக்குறையால் வாய்ப்பை இழக்கிறீர்கள்" என்ற பரிந்துரை ஏறக்குறைய எல்லாக் கணக்கிலும் எட்டிப் பார்க்கும். அதோடு ஒரு கணிப்பும் வரும். எங்களுக்கு வந்தது, பழைய அளவில் சொன்னால், செலவை 100இலிருந்து 140 ஆக்கினால் 6 படிவங்கள் கூடுதலாக வரும் என்று. ஏஜென்சி இதை எப்படிக் காட்டியது தெரியுமா? "40 படிவம் 46 ஆகுது, ஒண்ணுக்கு 2.5 ஆன செலவு 3ஐக் கொஞ்சம் தாண்டுது, அவ்வளவுதான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய 40 படிவங்கள் பழைய 100க்கே வந்துகொண்டிருந்தவை. புதிதாகப் போடும் 40க்கு வருவது 6தான். 40ஐ 6ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 6.7 ஆகிறது. முன்பு கொடுத்ததைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். சராசரியைக் காட்டினால் இது கண்ணுக்கே படாது.

ஆகவே பட்ஜெட் பரிந்துரை வந்தால் கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுத்துப் பாருங்கள். ஒரு விசாரணைக்கு அந்த விலை கொடுத்தாலும் உங்களுக்கு லாபம் நிற்கும் என்றால் தாராளமாக ஏற்கலாம். ஒரு விசாரணைக்கான இலக்குத் தொகையை உயர்த்தச் சொல்லும் பரிந்துரைக்கும் இதே கணக்குதான். இலக்கைத் தளர்த்தினால் எண்ணிக்கை கூடும் என்று சொல்ல பெரிய அறிவாற்றல் தேவையில்லை.

கூகுள் தேடலுக்கு வெளியே மற்ற தளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும் சர்ச் பார்ட்னர்களையும் டிஸ்பிளே நெட்வொர்க்கையும் சேர்க்கச் சொல்வதை நாங்கள் இப்போது எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுகிறோம். ஏற்கனவே சேர்ந்திருந்தால் Segmentஇல் Network என்று பிரித்துப் பாருங்கள். கிளிக்குகள் அங்கே குவிந்தும் நல்ல விசாரணை எதுவும் இல்லையென்றால் வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

சரி, எதை ஏற்பது? செலவைத் தொடாமல் கோளாறைக் காட்டும் பரிந்துரைகளை ஏற்கலாம். விளம்பரம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது, இணைப்பு திறக்கவில்லை, கன்வெர்ஷன் டேக் பதிவாகவில்லை என்பன போன்றவை. இவை வந்த அன்றே சரிசெய்ய வேண்டியவை. வேண்டாத தேடல்களைத் தடுக்க நாம் போட்ட நெகட்டிவ் கீவேர்டு நம்முடைய கீவேர்டையே தடுக்கிறது என்று வந்தால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சில தடைகளை நாமே யோசித்துப் போட்டிருப்போம். விளம்பரத்துக்குக் கீழே நம் தளத்தின் மற்ற பக்கங்களுக்குப் போகும் சைட்லிங்க் சேர்ப்பதும் நல்லதே, வாசகத்தை மட்டும் நாமே எழுத வேண்டும்.

சாதுவாகத் தோன்றும் ஒன்றில் கவனம் தேவை. 'தேவையற்ற கீவேர்டுகளை நீக்கு' என்ற பரிந்துரை கணக்கைத் துப்புரவு செய்வது போல இருக்கும். 2023 தொடக்கத்திலிருந்து அது வெவ்வேறு மேட்ச் வகைகளையும் ஒப்பிடுகிறது. ஒரே விளம்பரக் குழுவில் Broad match கீவேர்டு இருந்தால், அதற்குள் அடங்கும் ஃபிரேஸ் மேட்ச் கீவேர்டை உபரி என்று நீக்கச் சொல்லலாம். நாம் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது போய், தளர்வானது மிஞ்சும்.

இனி அந்த ஸ்கோர். அது நம் விளம்பரம் எவ்வளவு சம்பாதித்தது என்பதன் அளவு அல்ல. கூகுள் முன்வைத்த பரிந்துரைகளில் எத்தனைக்கு நாம் பதில் சொன்னோம் என்பதோடுதான் அது ஏறி இறங்குகிறது. கீவேர்டின் Quality Score வேறு, இது வேறு. ஸ்கோர் குறைந்தால் விளம்பரம் கீழே போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், ஏலத்தில் இதற்கு வேலையே இல்லை. பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஒரு பரிந்துரையை Dismiss செய்தாலும் ஸ்கோர் ஏறும். எல்லாவற்றையும் காரணம் சொல்லி நிராகரித்துவிட்டு 100% வாங்க முடியும். கொஞ்ச காலம் கழித்து அவை திரும்பி வரும், மறுபடியும் நிராகரிக்கலாம்.

அப்படியிருக்க ஏஜென்சி ஏன் ஏற்றே தீர வேண்டும் என்று நின்றது? கூகுள் பார்ட்னர் முத்திரைக்கு ஏஜென்சியின் ஸ்கோர் குறைந்தது 70% இருக்க வேண்டும், அவர்கள் நிர்வகிக்கும் விளம்பரச் செலவும் ஓர் அளவைத் தாண்ட வேண்டும். நிராகரித்தாலே முதல் நிபந்தனை நிறைவேறிவிடும். ஏற்றால் இரண்டாவதும் சேர்ந்து வளரும். போதாததற்கு, எங்களிடம் அவர்கள் வாங்கிய கட்டணம் செலவில் ஒரு சதவீதம். எங்கள் செலவு 85% கூடியபோது அவர்கள் வருமானமும் 85% கூடியது. கேட்டபோது, "ஸ்கோர் 98 இருக்கே சார், இதுக்கு மேல என்ன செய்யறது" என்பதே பதில். கட்டணத்தில் ஒரு காசும் திரும்பவில்லை.

உங்கள் கணக்கில் இது நடக்கிறதா என்று பார்க்க இரண்டு இடங்கள் போதும். Recommendations பக்கத்தில் Auto-applyயைத் திறந்து எவையெல்லாம் டிக் ஆகியிருக்கின்றன என்று பாருங்கள். அங்கே பராமரிப்பு, வளர்ச்சி என்று இரண்டு தொகுப்புகள் இருக்கும். வளர்ச்சிப் பக்கம் முழுவதையும் நாங்கள் நீக்கிவிட்டோம். பராமரிப்பிலும் அந்த உபரி கீவேர்டு வரியை நீக்கிவிட்டோம். பிறகு Change historyயில் எந்த மாற்றத்தை யார் செய்தார் என்ற பத்தியைப் பாருங்கள். ஆள் பெயர் இல்லாமல் தானாக நடந்த மாற்றங்கள் வரிசையாக இருந்தால், யாரும் படிக்காமலேயே பரிந்துரைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். மாத அறிக்கையில் கன்வெர்ஷனை மொத்தமாக வாங்காதீர்கள். Conversion action வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். தயங்கினாலே சந்தேகப்படலாம்.

ஒரு பரிந்துரை உண்மையிலேயே ஆசை காட்டினால் Experiments வழியாகப் பாதிப் போக்குவரத்துக்கு மட்டும் அதைக் கொடுத்து, மறுபாதியைப் பழையபடி ஓடவிடுங்கள். விசாரணை வந்து விலைப்புள்ளி கேட்க உங்கள் வாடிக்கையாளருக்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அதையும் தாண்டி ஓடவிட வேண்டும். எங்கள் துறையில் அதற்கே பல வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் முடிவு சொல்லி முழுக்க மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.