'ஸ்டாக் இருக்குதுங்க சார்': பழைய சிஎன்சிக்கு ஆம்ப்ளிஃபையர் தேடுபவர்கள் கவனத்துக்கு

கோவைப் பக்கம் ஜாப் ஒர்க் செய்பவர்கள், குறிப்பாக ஃபேனக் கன்ட்ரோல் போட்ட பழைய டர்னிங் சென்டர் வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டீலர் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர் எப்படிச் செய்தார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். அதே வேலையைச் செய்கிறவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

எங்கள் மெஷின் 21i-TA கன்ட்ரோல். ஒருநாள் ஓட்டத்தின் நடுவே நின்றது. திரையில் 438 அலாரம், கேபினெட்டைத் திறந்தால் சர்வோ ஆம்ப்ளிஃபையரின் சின்ன டிஸ்ப்ளேயில் 8. முதல் அச்சில் அளவுக்கு மீறிய கரன்ட் என்று அர்த்தம். சர்வீஸ் பார்க்கும் அண்ணன் மோட்டார் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தார், அப்போதும் 8. மோட்டாரை மெக்கர் வைத்துப் பார்த்தார், பழுதில்லை. போனது ஆம்ப்ளிஃபையர்தான் என்று முடிவானது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருந்த எண் A06B-6096-H206.

இந்த மாடலுக்கு உதிரிபாகம் வைத்திருப்பதாக விளம்பரம் செய்யும் டீலருக்கு போன் போட்டேன். எண்ணை முழுதாகச் சொன்னேன். "H206 தானுங்க சார்? ஸ்டாக் இருக்குது. ரெண்டு வாரத்துல உங்க இடத்துல இருக்கும்" என்றார். கையில் இருக்கும் சரக்குக்கு எதற்கு ரெண்டு வாரம் என்று கேட்டதற்கு, "டெஸ்டிங், பேக்கிங் எல்லாம் இருக்குதுங்களே" என்று பதில். நான் அனுப்பிய ஆர்டரில் எண் முழுதாக இருந்தது. அவர்கள் அனுப்பிய புரோஃபார்மாவில் மட்டும் 'சர்வோ ஆம்ப்ளிஃபையர், 1' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், சரக்கு இருப்புக்கு உட்பட்டது என்று ஒரு வரி. எண்ணைச் சேர்த்து அனுப்பச் சொன்னேன். "சிஸ்டத்துல அப்படித்தான் வரும் சார், உங்க ஆர்டர் நம்ம ஃபைல்ல இருக்குது" என்றார்கள். மெஷின் நின்று கிடக்கிறது, பார்ட்டி டெலிவரி கேட்டுக் குடைகிறான். பாதித் தொகை அட்வான்ஸ் போய்ச் சேர்ந்தது.

ரெண்டு வாரம் ஆனது. போன் செய்தால், "சார், உங்க பழைய யூனிட்டோட நேம் பிளேட் போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்கிறார். ஸ்டாக்கில் இருக்கும் பொருளுக்கு இப்போது எதற்கு என் யூனிட்டின் போட்டோ? அதாவது அதுவரை எதையும் வாங்கவே இல்லை. பணம் வந்த பிறகுதான் தேடவே ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த வயதுள்ள பாகங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். டீலரிடம் சரக்கு இருக்காது. ஸ்கிராப்புக்குப் போன மெஷின்களிலிருந்து கழற்றியதை வைத்திருக்கும் புரோக்கர்களிடம் விசாரிப்பார். அவர் சொன்ன 'ரெண்டு வாரம்' அந்தத் தேடலுக்கு ஆகும் என்று அவராகப் போட்ட கணக்கு. அப்புறம் கஸ்டம்ஸில் நிற்கிறது, டிரான்ஸ்போர்ட்டில் நிற்கிறது என்று இழுத்தார்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. திறந்தால் A06B-6079-H206. வெளியே பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். ரெண்டு அச்சுக்கான யூனிட், 40/40 ரேட்டிங்கும் ஒன்றே. ஆனால் நடுவில் இருக்கும் நாலு இலக்கம்தான் எல்லாம். 6096 யூனிட் கன்ட்ரோலோடு ஆப்டிகல் ஃபைபர் வழியாகப் பேசும். அதற்கு COP10A, COP10B என்று ரெண்டு சாக்கெட் இருக்கும். 6079 அதற்கு முந்தைய ஏற்பாடு, செம்புக் கம்பி கேபிள். அதில் JV1B, JS1B மாதிரி கனெக்டர்கள்தான் இருக்கும், ஃபைபரைச் செருக இடமே கிடையாது. எங்கள் அண்ணன் ஃபைபர் முனையைக் கையில் பிடித்தபடி, "இதை எங்கீங்க மாட்டுறது?" என்று என்னைப் பார்த்தார்.

புதியது என்று பில் போட்ட யூனிட்டின் மேல் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் நீக்கினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை. வெளிப்பெட்டி பளபளவென்று துடைத்திருக்கிறது, ஃபேன் வலைக்குப் பின்னால் எண்ணெய் கலந்த கறுப்புத் தூசி அப்பியிருக்கிறது. புதிய பாகத்தில் கூலன்ட் ஆவி படிந்த தூசி எப்படி வரும்? டெர்மினல் ஸ்குரூக்களில் ஸ்குரூடிரைவர் தழும்பு வேறு.

திருப்பி அனுப்புவதாகச் சொன்னதும் பேச்சு மாறியது. "H206 கேட்டீங்க, H206 குடுத்தோம். இம்போர்ட் அயிட்டம், ரிட்டர்ன் கிடையாதுங்க சார்." என் ஆர்டரைக் காட்டினால் புரோஃபார்மாவைக் காட்டுகிறார்கள். அதில் எண்ணே இல்லையே! அந்த வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று அப்போது புரிந்தது. ரொம்ப நாள் இழுபறிக்குப் பிறகு கால் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். பிடித்ததற்குச் சொன்ன காரணம் 'கையாளும் செலவு'.

இதற்கிடையில் இன்னொரு ஆபத்து இருந்தது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. மெஷினை மெயின் ஆஃப் செய்து வாரக்கணக்கில் போட்டால், கன்ட்ரோலின் 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் பாராமீட்டர்களைத் தாங்கி நிற்கிறது. அது செத்தால் ஆம்ப்ளிஃபையர் வந்தும் மெஷின் ஓடாது. எங்கள் அண்ணன் கன்ட்ரோல் பவரை மட்டும் ஆன் செய்து வைத்து, பாராமீட்டர் பேக்கப் எடுத்து, கரன்ட் இருக்கும்போதே பேட்டரியை மாற்றிவிட்டார். டீலர் சொல்லும் லீட் டைம் எதுவானாலும் முதல் நாளே இதைச் செய்துவிடுவது நல்லது.

கடைசியில் பழைய யூனிட்டையே பெங்களூரில் ஒரு ரிப்பேர்காரருக்கு அனுப்பினோம். அவர் போனில் முதலில் கேட்டதே, முழு எண் என்ன, டிஸ்ப்ளேயில் என்ன காட்டுகிறது என்றுதான். பவர் மாட்யூல் மாற்றி, லோடு கொடுத்து ஓட்டிக் காட்டிய வீடியோவோடு திரும்பி வந்தது. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, டீலரிடம் என்ன கேட்பது? 'இருக்கா' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் வரும். 'உங்கள் அலமாரியில் இப்போது இருக்கிறதா, வேறு யாரிடமிருந்தாவது வாங்கித் தருவீர்களா' என்று கேளுங்கள். அலமாரியில் இருந்தால், ஸ்டிக்கரும் கனெக்டர் பக்கமும் தெரிய, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு போட்டோ கேளுங்கள். அதை எடுக்க அரை மணி நேரம் போதும், நாளைக்கு என்று தள்ளினால் சரக்கு அங்கே இல்லை. லீட் டைம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதும் முக்கியம்: அட்வான்ஸ் வந்த நாளா, அவருக்குச் சப்ளையர் உறுதி சொன்ன நாளா, எக்ஸ்சேஞ்ச் என்றால் உங்கள் பழைய யூனிட் அவர் கைக்குப் போன நாளா? ஒவ்வொன்றிலும் வாரக்கணக்கில் வித்தியாசம் வரும். புதியதா, ரிப்பேர் செய்ததா, கழற்றியதா என்ற ஒரு சொல்லும், முழு எண்ணும், எண் மாறி வந்தால் முழுப் பணமும் திரும்பும் என்ற வரியும் புரோஃபார்மாவிலேயே வர வேண்டும். ஆர்டரில் நீங்கள் எழுதியது போதாது, அவர்கள் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும். கழற்றிய பாகம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, இந்த வயது மெஷினுக்குப் பல நேரம் அதுதான் வழி. அதைப் புதியது என்று விற்பதுதான் மோசடி.

அந்த டீலரின் விளம்பரம் இன்னும் ஓடுகிறது, 'H206 ரெடி ஸ்டாக்' என்று. போன் செய்பவர்கள் 6079-ஆ, 6096-ஆ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.