ஐம்பதாயிரம் என்று அச்சிட்டிருந்த பவர் பேங்கும் என் விமானப் பயணமும்

இணையக் கடையொன்றில் வாங்கிய பவர் பேங்கை விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்தேன். அதன் முதுகில் 50,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. விமான விதிகள் பார்க்கும் ஆற்றல் அளவான வாட் மணி எங்கும் இல்லை. சோதனை அதிகாரி கைபேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: 50,000 × 3.7 ÷ 1000 = 185 வாட் மணி. நூறு வாட் மணி வரை கைப்பையில் தடையின்றிக் கொண்டுபோகலாம். நூறுக்கு மேல் நூற்றறுபது வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்டதைப் பயணி எடுத்துச் செல்லவே முடியாது. (பெருக்க வேண்டியது உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட்டால், வெளியே வரும் 5 வோல்ட்டால் அல்ல.)

வீடு திரும்பிய பிறகுதான் ஏமாற்றின் முழு உருவம் புரிந்தது. இத்தகைய கருவிகள் பலவற்றில் இருக்கும் உருளை வடிவ லித்தியம் மின்கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் எடை கொண்டது; நல்ல தரமானதுகூட 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவே தாங்கும். ஐம்பதாயிரத்துக்குப் பதினைந்து மின்கலங்கள், அதாவது மின்கலங்கள் மட்டுமே 675 கிராம் தேவை. விற்பனைப் பக்கத்தில் அவர்களே குறித்திருந்த மொத்த எடை 310 கிராம்! உண்மை அளவை அச்சிட்டிருந்தால் அது நூறு வாட் மணிக்குள் அடங்கித் தடையின்றிப் போயிருக்கும். ஆனால் சோதனையில் நிற்பவர் கருவியைப் பிரித்துப் பார்க்க முடியாது. அச்சிட்டதைத்தான் நம்ப வேண்டும்.

புகார் செய்தபோது, மாற்றுக் கருவி அனுப்புவதாகவும், அதில் "74 வாட் மணி என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்" என்றும் விற்பனையாளர் பதில் அனுப்பினார். வந்த கருவியை மேசைமேல் வைத்தேன். சமதளத்தில் படியாமல் ஆடியது. மேலுறையின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மூக்கருகே கொண்டுசென்றால் நகப்பூச்சு நீக்கியைப் போன்ற இனிப்பு கலந்த வாடை. உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயுவாகி மின்கலத்தை உப்பச் செய்திருந்தது. "கொஞ்சம் உப்பினால் பரவாயில்லை, பயன்படுத்தலாம்" என்றது அவர்களுடைய அடுத்த பதில்.

பரவாயில்லை என்பது பச்சைப் பொய். இரு மின்முனைகளையும் பிரித்து வைப்பது தாளைவிட மெல்லிய ஒரு படலம். உப்பலோ, கீழே விழுந்த அடியோ, நசுங்கலோ அதைக் கிழித்தால் உள்ளுக்குள்ளேயே மின்குறுக்கு ஏற்பட்டு, எழும் வெப்பம் அடுத்த வேதிவினையைத் தூண்ட, அது மேலும் வெப்பத்தைப் பெருக்கும். விமானச் சரக்கறையின் தீயணைப்பு வாயு சுடரை அடக்கினாலும் இந்தச் சங்கிலியை நிறுத்தாது. அதனால்தான் சரக்கறைக்குப் போகும் பதிவுப் பெட்டிக்குள் பவர் பேங்க் போகக் கூடாது. பயணிகள் பகுதியில் புகைந்தால் பணிக்குழு பார்த்து, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். உப்பியதையோ சேதமுற்றதையோ எந்தப் பையிலும் கொண்டுபோகக் கூடாது.

அந்த மாற்றுக் கருவியை மின்னேற்றாமல், துளைக்காமல், குப்பையிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படைத்தேன். பணம் இன்னும் திரும்பவில்லை. விற்பனைப் பக்கத்தில் அதே 50,000, அதே 310 கிராம்.