அந்தக் கமராவை வாங்கலாமா என்று கேட்டவருக்கு

நான் வைத்திருக்கும் கமராவின் விலை இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று ஹட்டனிலிருந்து நண்பர் கேட்டார். படத்தின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் அதன் மணிக்கூட்டின் மேல்தான். போன் நெட்வொர்க்கிலிருந்து தானாகவே நேரத்தை எடுத்துக்கொள்கிறது, இந்தக் கமராவுக்கு அந்த வசதி இல்லை. நாமாகத் திருத்தாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக்கொண்டே போகிறது, பட்டரியைக் கழற்றி நீண்ட நாள் வைத்தால் தேதியே போய்விடும்.

மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை நான் கமராவிலும் தம்பி போனிலும் எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு நேரப்படி அடுக்கினால், தீ எரிந்து முடிந்த பிறகு ரதி ஆடுவதுபோல வந்து நிற்கிறது. தீ முதலில் பற்றும் கணம் இரண்டிலும் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. போனில் 21:14:32, கமராவில் 21:10:20, அதாவது 4 நிமிடம் 12 செக்கன் வித்தியாசம். படத்துக்குள் பதிந்திருக்கும் நேரம் போன்ற தகவல்களைத் திருத்த உதவும் எக்ஸிப்டூல் என்ற மென்பொருளில், கமரா படங்கள் இருந்த cam போல்டருக்கு மட்டும் இதைக் கொடுத்தேன்:

```
exiftool "-AllDates+=0:4:12" cam
```

பழைய பைல்களை _original என்ற பெயரோடு அதுவே வைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். இப்படிப் பொருத்தினாலும் ஒரு செக்கன் அளவுக்குப் பிசகு மிஞ்சலாம், அதனால் போன் படம் முந்தியா கமரா படம் முந்தியா என்று அதற்கும் நுணுக்கமாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒரே கமராவுக்குள் நிலைமை வேறு. தொடர்ச்சியாக அடித்த படங்களெல்லாம் ஒரே செக்கனில் விழுந்தாலும் SubSecTimeOriginal என்ற இடத்தில் செக்கனின் பின்னமும் பதிவாகியிருக்கிறது, வரிசை தானாகப் புரிந்துவிடும். அப்புறம், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லும் ExposureTime. லென்ஸின் துளையை நிலையாக வைத்து ஷட்டரைக் கமராவிடமே விட்டிருந்தேன், தீ எழும்பி வெளிச்சம் கூடக் கூட 1/30 செக்கன் என்றிருந்தது 1/125 வரை போயிருக்கிறது. தீ எந்தப் படத்தில் உச்சத்தில் நின்றது என்பதைப் படத்தைத் திறக்காமலே அந்த எண் சொல்லிவிட்டது! அந்த மூன்று நான்கு படங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன், தப்பு மேளம் அடிப்பவரின் கை அசங்காமல், முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்த படத்தையே கடைசியாக எடுத்துக்கொண்டேன். 1/30 படங்களில் அந்தக் கை வெறும் புகைபோலத்தான் கிடக்கிறது.

தம்பி முதலில் தன் படங்களை வட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பியிருந்தான். அதில் எடுத்த நேரம் அழிந்துபோகும், பைல் பெயரில் WA-க்கு முன்னால் நிற்கும் தேதியும் படம் எடுத்த தேதி அல்ல. டொகியுமென்ட்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன்.

சரி, வாங்கலாமா? தனியாக எடுப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். நண்பர் கலியாண வீடுகளுக்கு இரண்டு கமராக்காரர்களோடு போகிறவர், அவர் போனோடு இணைத்து நேரத்தைச் சரிசெய்யும் மொடல் ஒன்றைத் தேடட்டும். இத்தனை நல்ல படம் தரும் பெட்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனாலும் வேண்டாம்.